படுத்தால் விழிப்பு, எழுந்தால் தூக்கம்: படுக்கையை மறுபடி பழக்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூக்கம் வராமல் ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் பெரும்பாலும் ஒரே முறையைத்தான் சொல்கிறேன்: தூக்கம் வரும்போது மட்டும் படுங்கள், வராவிட்டால் படுக்கையில் கிடக்காமல் எழுந்துவிடுங்கள். அவர்களும் பெரும்பாலும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள், அதுவும் ஏறக்குறைய ஒரே வார்த்தைகளில். கேட்டதைக் கேட்டபடியே குறித்து வைத்திருந்தேன், அவற்றுக்கான பதில்கள் இவை.

படுத்துக்கிட்டு கவலைப்பட்டா என்ன, உக்காந்துக்கிட்டு கவலைப்பட்டா என்ன? ரெண்டும் கவலைதானே?

கவலைக்கு வித்தியாசம் இல்லை, படுக்கைக்கு இருக்கிறது. மூளை ஒரு வேலையை மட்டும் தனியாக நினைவில் வைப்பதில்லை, அது நடந்த இடம், வெளிச்சம், உடம்பு இருந்த நிலை எல்லாவற்றையும் சேர்த்தே முடிச்சுப் போட்டு வைக்கும். உணவுக்கு முன்னால் ஒரு ஓசையைத் திரும்பத் திரும்பக் கேட்ட பாவ்லவின் நாய்களுக்கு, பின்னால் ஓசை மட்டும் கேட்டாலே வாயில் எச்சில் ஊறியதே, அதே கற்றல்தான் இங்கேயும். நன்றாகத் தூங்குகிறவருக்குத் தலையணையில் தலை வைத்த கொஞ்ச நேரத்தில் தூக்கம் வந்துவிடும். இது பல ஆயிரம் இரவுகள் நடந்திருப்பதால் தலையணையும் இருட்டும் போர்வையுமே அவருக்குத் தூக்கத்தின் அடையாளங்கள் ஆகிவிட்டன.

இப்போது உங்கள் கணக்கைப் பாருங்கள். 10 மணிக்குப் படுத்து 12:30க்குத் தூங்கி, 3 மணிக்கு விழித்து, 4:30க்கு மறுபடி கண் அயர்ந்து, 7 மணிக்கு எழுந்திருக்கிறவர் ஒன்பது மணி நேரம் படுக்கையில் இருக்கிறார், ஐந்து மணி நேரம் தூங்குகிறார். மீதி நான்கு மணி நேரம் அவர் சும்மா இருப்பதில்லை. புரள்கிறார், மறுநாள் வேலையை ஒத்திகை பார்க்கிறார், இன்னும் எத்தனை மணி நேரம் மிச்சம் என்று கணக்குப் போடுகிறார், தன்மேலேயே எரிச்சல் படுகிறார். மாதத்துக்கு 120 மணி நேரம் இந்தப் பயிற்சி நடக்கிறது. இவ்வளவு பயிற்சி கொடுத்தால் எதைத்தான் கற்றுக்கொள்ள முடியாது? படுக்கை என்றால் விழித்திருந்து கவலைப்படும் இடம் என்று உடம்பு கற்றுக்கொண்டுவிடுகிறது.

சோபால டிவி பாக்கும்போது கண்ணு சொக்குது. எழுந்து போய் கட்டில்ல படுத்தா பளிச்சுனு முழிச்சுக்குது. இது என்ன கூத்து?

மேலே சொன்ன கற்றல் நடந்து முடிந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. சோபாவில் நீங்கள் தூங்க முயற்சி செய்யவில்லை, அங்கே தோற்றுப்போன இரவுகளும் இல்லை, அதனால் தூக்கம் அதன் பாட்டுக்கு வந்தது. கட்டிலில் படுத்ததும் பழகிய அடையாளங்கள் எல்லாம் ஒன்றாக வருகின்றன, உடனே இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிக்கிறது, தோளும் தாடையும் இறுகுகின்றன, 'இன்றைக்காவது வருமா' என்ற எண்ணம் தலை தூக்குகிறது. இதில் எதையும் நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை.

சிலர் வெளியூரில், விடுதி அறையில், உறவினர் வீட்டில் தங்கள் வீட்டைவிட நன்றாகத் தூங்குவதும் இதே காரணத்தால்தான். பொதுவாகப் புது இடத்தில் முதல் இரவு தூக்கம் சரியாக வராது என்பார்கள், இவர்களுக்கு அது தலைகீழாக இருக்கும். முதல் சந்திப்பிலேயே நான் இதைக் கேட்டுவிடுவேன். 'ஆமாம், வேறு இடத்தில் நன்றாகத் தூங்கினேன்' என்று பதில் வந்தால் படுக்கையோடு உள்ள முடிச்சுதான் பெரிய பிரச்சினை என்று ஓரளவு நம்பிப் பேசலாம். எங்கே போனாலும் தூக்கம் இல்லை என்றால் வேறு காரணங்களையும் தேட வேண்டும், ஆனால் அந்தப் பதிலை மட்டும் வைத்து இந்த முறை உதவாது என்று முடிவு கட்டவும் மாட்டேன்.

எனக்குத் தூக்கம் போனது ஆபீஸ் பிரச்சினையால. அது தீர்ந்து ஒரு வருஷம் ஆச்சு. இன்னும் ஏன் தூக்கம் வரல?

தொடங்கி வைத்ததும் தொடர வைப்பதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் தூக்கமின்மையை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்: ஒருவருக்கு இயல்பாகவே இருக்கும் சாய்வு, ஒரு நாள் அதைக் கிளப்பிவிடும் நிகழ்ச்சி, பிறகு அதைப் பிடித்து வைத்திருக்கும் பழக்கங்கள். உங்கள் அலுவலகப் பிரச்சினை நடுவில் இருப்பது. அது வந்த மாதத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். விட்ட தூக்கத்தைப் பிடிக்கச் சீக்கிரம் படுத்திருப்பீர்கள், காலையில் நேரம் கழித்து எழுந்திருப்பீர்கள், மதியம் கொஞ்சம் கண் மூடியிருப்பீர்கள். எல்லாமே நியாயமாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றும் படுக்கையில் விழித்திருக்கும் நேரத்தைக் கூட்டியது, முடிச்சு இறுகியது. பிரச்சினை போய்விட்டது, முடிச்சு தங்கிவிட்டது.

சரி, அவிழ்க்கறது எப்படி? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

இதற்குத் தூண்டுதல் கட்டுப்பாடு என்று பெயர். பெயர் கொஞ்சம் மிரட்டும், விஷயம் எளிது. ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972இல் முன்வைத்தது, இன்றுவரை பெரிதாக மாறவில்லை. தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டும் படுக்கைக்குப் போக வேண்டும். படுக்கையில் தூக்கத்தைத் தவிர வேறு எதுவும் கூடாது: படிப்பது, போன் பார்ப்பது, சாப்பிடுவது, மறுநாளைத் திட்டமிடுவது எதுவும். தாம்பத்தியம் மட்டும் விதிவிலக்கு. படுத்துத் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும், மறுபடி தூக்கம் வரும்போதுதான் திரும்ப வேண்டும். திரும்பி வந்தும் வரவில்லையா, மறுபடி எழ வேண்டும், இரவில் எத்தனை முறை ஆனாலும் சரி, நடுராத்திரி விழிப்பானாலும் சரி. காலையில், இரவு எப்படிப் போனாலும், ஒரே நேரத்துக்கு எழுந்திருக்க வேண்டும். பகலில் தூங்கக் கூடாது.

இவ்வளவுதான். இதில் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு இடம் இருக்கிறது. எழுந்து போவது இன்றிரவு தூக்கத்தை வரவழைக்கும் உபாயம் என்று நினைத்துக்கொண்டு செய்கிறார்கள், அது வரவில்லை என்றதும் 'வேலை செய்யவில்லை' என்கிறார்கள். எழுந்து போவது படுக்கையில் நடக்கும் கவலைப் பயிற்சியை நிறுத்துவதற்கு. எழுந்து போய் இரண்டு மணி நேரம் விழித்திருந்தாலும், அந்த இரண்டு மணி நேரம் படுக்கையில் கழியவில்லை என்றால் அன்றைய வேலை நடந்துவிட்டது.

தூக்கம் வந்தா படுங்கன்றீங்க. எனக்குத்தான் காலையிலேர்ந்தே அசதியா இருக்கே?

அசதி வேறு, தூக்கம் வேறு. அசதி என்றால் உடம்பு பாரமாக இருக்கும், எதுவும் செய்யத் தோன்றாது, ஆனால் படுத்தால் மூளை ஓடிக்கொண்டே இருக்கும். தூக்கம் என்றால் இமை தானாக இறங்கும், கொட்டாவி அடுக்கடுக்காக வரும், படித்த வரியையே மறுபடி படிப்பீர்கள், தலை ஒரு முறை முன்னால் சாய்ந்து திடுக்கிட்டு நிமிரும். நாள்பட்ட தூக்கமின்மை உள்ளவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது ரொம்பச் சகஜம், பாதிப் பேர் இரவு 9 மணிக்கு அசதியோடு படுக்கப் போய்த்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதல் சில நாட்கள் இந்த அறிகுறிகள் 12 மணிக்கோ 1 மணிக்கோதான் வரலாம். வரட்டும், காத்திருங்கள். எழும் நேரம் மாறாமல் இருந்தால் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அடுத்த இரவுக்கான தூக்கப் பசியைக் கூட்டும், சில நாட்களில் அந்த நேரம் தானாக முன்னால் நகரும்.

15 நிமிஷத்துல எழுந்திருக்கணும்னு படிச்சேன். கடிகாரத்தைப் பாக்கவும் கூடாதாம். அப்புறம் எப்படித் தெரியும்?

பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம், உத்தேசம் போதும். பூட்சின் முதலில் சொன்னது சுமார் 10 நிமிடம், பிறகு பலரும் 15, 20 என்று சொல்ல ஆரம்பித்தார்கள். எண்ணில் பெரிய விசேஷம் எதுவும் இல்லை. படுக்கையும் சட்டென்று தூங்குவதும் ஒன்றாகச் சேர வேண்டும், அதனால் நீண்ட நேரம் விழித்திருக்காதே என்பதுதான் அதன் பொருள்.

நான் சொல்லும் அளவுகோல் வேறு. 'இன்னும் தூங்கவில்லையே' என்ற எண்ணம் வந்துவிட்டதா, உடம்பு இறுக ஆரம்பித்துவிட்டதா, தூங்க முயற்சி செய்கிறோம் என்று தோன்றுகிறதா? எழுந்துவிடுங்கள், ஐந்து நிமிடமே ஆகியிருந்தாலும். மாறாக, கண் மூடி அமைதியாக மிதந்துகொண்டிருக்கிறீர்கள், நேரம் போனதே தெரியவில்லை என்றால் விட்டுவிடலாம். கடிகாரத்தைத் திருப்பி வையுங்கள், அலாரம் அடித்தால் போதும். ஒருவர் ஸ்டாப் வாட்ச் வைத்துக்கொண்டு படுத்தாராம், 15 நிமிடம் ஆகிறதா என்று பார்ப்பதற்காகவே விழித்திருந்தாராம். சிரிக்காதீர்கள், அவர் மட்டும் அல்ல.

எழுந்து போய் என்ன பண்றது? போன் பாக்கலாமா?

மங்கலான வெளிச்சத்தில், உட்கார்ந்தபடி, எந்த இடத்திலும் நிறுத்தக்கூடிய, கொஞ்சம் சுமாரான வேலை எதுவும் செய்யலாம். ஏற்கெனவே படித்த புத்தகம், துணி மடிப்பது, படம் வரைவது, மெல்லிய இசை. சுவாரசியமே இல்லாததாக இருந்தால் மனம் கவலைக்குத் திரும்பிவிடும், ரொம்பச் சுவாரசியமாக இருந்தால் தூக்கம் வந்தாலும் விடமாட்டீர்கள், அதனால் நடுவில் ஒன்று. என்ன செய்யப் போகிறோம், எங்கே உட்காரப் போகிறோம் என்பதை மாலையிலேயே தயார் செய்து வையுங்கள். நடுராத்திரியில் யோசித்து முடிவெடுக்க வேண்டும் என்றால் யாரும் போர்வையை விட்டு எழமாட்டார்கள்.

போன் வேண்டாம் என்பேன். வெளிச்சத்தைவிட அதில் வரும் செய்திகள்தான் காரணம். அலுவலக மின்னஞ்சல் ஒன்றைப் பார்த்தால் போதும், அப்புறம் ஒரு மணி நேரம் போச்சு. இன்னொன்று, எழுந்து போன இடத்திலேயே படுத்துத் தூங்கிவிடாதீர்கள். சோபாவில் தூங்கினால் தூக்கம் சோபாவோடு சேர்ந்துகொள்ளும், கட்டில் இருந்த நிலையிலேயே இருக்கும்.

எழுந்து நடந்தா இருக்கற தூக்கமும் கலைஞ்சுடாதா? படுத்திருந்தா ஓய்வாவது கிடைக்குமே?

கலைவதற்குத் தூக்கம் இருந்தால் எழச் சொல்வேனா? ஓய்வு கிடைக்கிறது என்பதை மறுக்கவில்லை, ஆனால் அது தூக்கத்தின் வேலையைச் செய்யாது. அதோடு, நீங்கள் படுத்திருக்கும் அந்த நேரம் உண்மையில் ஓய்வாக இருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறோம், அதற்கு ஓய்வு என்று பெயர் வைத்திருக்கிறோம். அதன் விலை முதல் பதிலில் சொன்ன 120 மணி நேரம்.

செஞ்ச ஒருத்தரோட கதையைச் சொல்லுங்க, நாள் கணக்கோட.

முதல் பதிலில் வந்த ஒன்பது மணி நேரக்காரரையே எடுத்துக்கொள்ளலாம். நாற்பதுகளில் இருப்பவர், இரண்டு வருடமாக அதே கதை. முதல் வாரம் எதையும் மாற்றாமல் தூக்கக் குறிப்பு மட்டும் எழுதச் சொன்னேன், காலையில் எழுந்தபின் உத்தேசமாக. அந்தக் குறிப்பில்தான் ஐந்து மணி நேரத் தூக்கமும் நான்கு மணி நேர விழிப்பும் தெரிந்தது. படுக்கையில் இருந்த நேரத்தில் 56 சதவீதம்தான் தூக்கம். 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்ல நிலை என்று பொதுவாகக் கொள்கிறார்கள். எழும் நேரத்தை 6:30 என்று அவரே தேர்ந்தெடுத்தார், ஞாயிறு உட்பட.

முதல் இரவு 11:40 வரை தூக்கமே எட்டிப் பார்க்கவில்லை. படுத்தார், வரவில்லை, 12 மணி வாக்கில் எழுந்தார். 12:35க்குத் திரும்பினார், மறுபடி எழுந்தார், 1:30க்கு வந்து படுத்தபோது தூங்கிவிட்டார். 4 மணிக்கு விழிப்பு, எழுந்து போய் 4:40க்குத் திரும்பித் தூங்கி, 6:30க்கு அலாரம். மொத்தம் சுமார் நாலேகால் மணி நேரம்தான், அதாவது பழைய கணக்கைவிடக் குறைவு. இரண்டாம் இரவும் ஏறத்தாழ இதே. மூன்றாம் நாள் போன் செய்து நன்றாகவே திட்டினார்.

நான்காம் இரவு மாலை 7 மணியிலிருந்தே தலை ஆடியது. சோபா பக்கம் போகாமல் வீட்டுக்குள் நடந்துகொண்டே சமாளித்து 11 மணிக்குப் படுத்தார், ஒரே ஒரு முறைதான் எழ வேண்டியிருந்தது. மூன்றாம் வாரக் குறிப்பில் சராசரி இரவு இப்படி இருந்தது: 11:15க்குப் படுத்தார், 20 நிமிடத்தில் தூக்கம், நடுவில் அரை மணி நேரம் ஒரு விழிப்பு, 6:30க்கு எழுந்தார். ஆறு மணி 25 நிமிடம் தூக்கம். அந்த அரை மணி நேரமும் பெரும்பாலும் வேறு அறையில் கழிந்தது. அவர் என்னிடம் சொன்னது தூக்க நேரத்தைப் பற்றி இல்லை. படுக்கை அறைக் கதவைப் பார்த்தால் வயிற்றில் ஒரு பிசைவு வரும், அது நின்றுவிட்டது என்றார். நான் காத்திருந்த செய்தி அதுதான்.

நாலு நாள் செஞ்சேன், இன்னும் மோசமாயிடுச்சு. எனக்கு ஒத்துவராதுன்னு விட்டுட்டேன்.

மேலே உள்ள கதையில் நீங்கள் விட்ட இடத்தில்தான் அவர் திரும்பினார். முதல் வாரம் தூக்கம் குறைவது இந்த முறையின் பக்கவிளைவு இல்லை, அந்தத் தூக்கப் பசிதான் பிற்பாடு உங்களைத் தலையணையில் தலை வைத்ததும் தூங்கவைக்கிறது. இரண்டிலிருந்து நான்கு வாரம் விடாமல் செய்துவிட்டுத்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும்.

எனக்குத் தெரிந்து தோற்றவர்களில் அதிகம் பேர் தோற்றது எழுந்திருக்காததால். 'அன்றைக்கு மட்டும் ரொம்பக் குளிராக இருந்தது, படுத்தே இருந்துவிட்டேன்.' அப்படி வாரத்துக்கு மூன்று நாள். ஓசை கேட்ட சில முறை மட்டும் உணவு கிடைத்தாலும் நாய் எதிர்பார்ப்பதை விடாது. அதனால்தான் அரைகுறையாக மூன்று மாதம் செய்வதைவிட முழுதாக மூன்று வாரம் செய்யுங்கள் என்கிறேன். குறிப்பை எடுத்துப் பாருங்கள், தூங்காமல் படுத்திருந்த நேரம் குறைந்ததா என்று. அது குறையாமல் இருந்தால் நீங்கள் இன்னும் தொடங்கவே இல்லை.

மதியம் 20 நிமிஷம், லீவு நாள்ல மட்டும் ஒரு மணி நேரம் கூட. இதுகூட கூடாதா?

பயிற்சிக் காலத்தில் கூடாது. பகல் தூக்கம் என்பது சாப்பாட்டுக்கு முன்னால் பலகாரம் மாதிரி, இரவுப் பசியைத் தின்றுவிடும். விடுமுறை நாளில் 9 மணிக்கு எழுந்தால் அன்று இரவு 11 மணிக்கு நீங்கள் விழித்து 14 மணி நேரம்தான் ஆகியிருக்கும், தூக்கம் எங்கிருந்து வரும்? உடம்பின் கடிகாரமும் காலை வெளிச்சத்தைப் பார்க்கும் நேரத்தை வைத்துத்தான் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. தூக்கம் நிலைப்பட்டபின் விரும்பினால் மெல்லத் தளர்த்திப் பார்க்கலாம். வண்டி ஓட்டும் அளவுக்கு விழிப்பு இல்லை என்றால் மட்டும் இந்த விதியை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு சிறு தூக்கம் போடுங்கள், உயிர் முக்கியம்.

எங்க வீட்ல ஒரே ரூம். எழுந்து எங்க போக?

வேறு அறை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அறையின் இன்னொரு மூலையில் ஒரு நாற்காலி போதும். படுக்கைக்கு முதுகு காட்டி உட்காருங்கள். பக்கத்தில் தூங்குகிறவருக்குத் தொந்தரவு இல்லாமல் ஒரு சிறு விளக்கு. அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் 'என்ன ஆச்சு, ஏன் எழுந்தே' என்ற விசாரணையிலேயே தூக்கம் முழுதாகப் போய்விடும்.

எழுந்திருக்கவே முடியாதவர்கள் இருக்கிறார்கள், காலில் கட்டு, முதுகுவலி, நடந்தால் விழுந்துவிடும் பயம். அவர்கள் படுக்கையிலேயே நிமிர்ந்து உட்கார்ந்து, விளக்கைப் போட்டு, எதையாவது படிக்கலாம். தூக்கம் வந்ததும் மறுபடி படுக்கலாம். படுத்த நிலையில் போராடுவதை நிறுத்துவது முக்கியம், அது இதிலும் கிடைக்கிறது.

எழுந்து உக்காந்தாலும் அதே கவலைதான் ஓடுது. அப்புறம் என்ன பிரயோஜனம்?

ஓடட்டும், அது நாற்காலியில் ஓடுகிறது, அதுவே பாதி வேலை. மீதிப் பாதிக்கு, கவலைக்கு வேறு நேரம் கொடுத்துப் பாருங்கள். மாலையில், படுப்பதற்குச் சில மணி நேரம் முன்னால், 20 நிமிடம் ஒரு தாளோடு உட்காருங்கள். இடது பக்கம் கவலையை எழுதுங்கள், வலது பக்கம் அதற்கு அடுத்து எடுக்கக்கூடிய மிகச் சிறிய அடியை. 'கடன் பற்றிக் கவலை' என்பதற்கு எதிரே 'நாளை 11 மணிக்கு வங்கிக்குப் போன்' என்று எழுதினால் போதும், கடனைத் தீர்க்கும் வழியை எல்லாம் எழுத வேண்டியதில்லை. எதுவும் செய்ய முடியாத கவலை என்றால் 'என் கையில் இல்லை' என்று எழுதிவிட்டுத் தாளை மடித்து வையுங்கள். இரவில் அதே எண்ணம் வந்தால் 'இதைப் பார்த்தாகிவிட்டது, நாளை மாலை மறுபடி பார்ப்போம்' என்று சொல்லிக்கொள்ளலாம். எல்லோருக்கும் முதல் நாளே பலிக்காது, ஆனால் இரவு 2 மணிக்கு எடுக்கும் முடிவுகளைவிட மாலை 6 மணி முடிவுகள் கொஞ்சம் புத்திசாலித்தனமாக இருக்கும்.

இதை யாராவது செய்யக் கூடாதா? மாத்திரை போடறவங்க?

முதல் சில நாட்கள் தூக்கம் குறையும் என்பதால் அது ஆபத்தாகும் ஆட்கள் மருத்துவரிடம் பேசாமல் தொடங்கக் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்கள், இருதுருவ மனநோய் உள்ளவர்கள் இதில் முக்கியம், தூக்கம் குறைவது இவர்களுக்கு வலிப்பையோ, அளவுக்கு மீறிய உற்சாகமும் பரபரப்புமான மிகையெழுச்சியையோ தூண்டிவிடலாம். தூக்கத்தில் நடப்பவர்கள், இரவில் எழுந்தால் விழக்கூடிய முதியவர்கள், கனரக வண்டி ஓட்டுகிறவர்கள், உயரத்தில் வேலை செய்கிறவர்களும்தான்.

பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவது, படுத்ததும் காலை அசைத்தே ஆக வேண்டும் என்ற குடைச்சல் இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம் பாருங்கள், படுக்கையைப் பழக்கி அதைச் சரிசெய்ய முடியாது. அதேபோல ஒருவர் 3 மணிக்குப் படுத்தால் உடனே தூங்கி 11 மணிக்குப் புத்துணர்ச்சியோடு எழுகிறார் என்றால் அவருடைய உடல் கடிகாரம் பின்தங்கி ஓடுகிறது, பிரச்சினை கட்டிலில் இல்லை. மாத்திரை போடுகிறவர்கள் இந்த முறையைச் செய்யலாம், ஆனால் மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம். திடீரென்று விட்டால் தூக்கமின்மை முன்பைவிடப் பலமாகத் திரும்பலாம், அதைப் பார்த்து முறையே தவறு என்று நினைத்துவிடுவீர்கள். எப்படிக் குறைப்பது என்பதை எழுதிக் கொடுத்த மருத்துவர் சொல்லட்டும்.

ஆறு மாசம் நல்லா தூங்கினேன். போன வாரம் மூணு நாள் போச்சு. எல்லாம் முதல்லேர்ந்தா?

இல்லை. பழைய முடிச்சு அழிவதில்லை, அதன்மேல் புதுப் பழக்கம் படிந்திருக்கிறது, அவ்வளவுதான். காய்ச்சல், பயணம், ஒரு சண்டை, ஏதாவது ஒன்று பழையதைக் கொஞ்ச நாள் மேலே கொண்டுவரும். மூன்று கெட்ட இரவுகள் யாருக்கும் வரும், நன்றாகத் தூங்குகிறவருக்கும்.

அந்த நாட்களில் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. முன்பு செய்தது போலச் சீக்கிரம் படுத்து, நேரம் கழித்து எழுந்து ஈடுகட்டப் பார்த்தால் மூன்றாவது பதிலில் சொன்ன பாதையில் மறுபடி நடக்கிறீர்கள். எழும் நேரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, வராத இரவில் நாற்காலிக்குப் போங்கள். முதல் தடவை மூன்று வாரம் எடுத்தது இந்தத் தடவை பெரும்பாலும் சில இரவுகளில் முடிந்துவிடும். நாற்காலியையும் சிறு விளக்கையும் அதனால்தான் எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டாம் என்று சொல்கிறேன்.